கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்று எழுதுவது எப்படி: ஒரு குறிப்பை வரிவரியாகத் திருத்திப் பார்க்கலாம்

ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் சென்னையில் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும். மார்கழி முடிந்து தை பிறந்தாலும் அப்படித்தான். நல்ல முகூர்த்த நாள்கள் கொஞ்சம், கல்யாணம் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று பத்திரிகைகள் வந்து சேருவது சகஜம். ஏதாவது ஒரு வீட்டுக்கு வர முடியவில்லை என்று சொல்லித்தான் ஆகவேண்டும்.

போனில் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பத்திரிகையை வீட்டுக்கே வந்து கொடுத்தவர்களிடம் முதலில் போனில்தான் சொல்ல வேண்டும். ஆனால் கல்யாண வீட்டில் அந்தப் போனை எடுப்பவர் தம்பியாக இருக்கலாம், சமையல்காரரோடு பேசிக்கொண்டிருக்கும் அப்பாவாக இருக்கலாம். அந்தப் பரபரப்பில் உங்கள் குரல் யார் மனதிலும் தங்காது. எழுதிய குறிப்பு தங்கும். அம்மா படிப்பார், பாட்டிக்குப் படித்துக் காட்டுவார், கல்யாணப் பெண்ணும் படிப்பாள். ஏழெட்டு வரிதான் என்றாலும் அதில் ஒரு சொல் பிசகினால் உறவில் கீறல் விழும். அதனால் ஒரு மாதிரிக் குறிப்பை எடுத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்திப் பார்க்கலாம்.

முதலில் நிலவரத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இப்படி ஒரு நிலைமை என்று வைத்துக்கொள்வோம். பெரம்பூரில் ஒரே கட்டடத்தில் மாடியிலும் கீழுமாகப் பல வருஷம் குடியிருந்த இரண்டு குடும்பங்கள். மாடி வீட்டுக்காரர்கள் இப்போது மேடவாக்கத்துக்குக் குடிபோய்விட்டார்கள். கீழ் வீட்டு அக்காவும் அவர் கணவரும் மகள் நித்யாவின் கல்யாணத்துக்கு மேடவாக்கம் வரை வந்து, தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை முகூர்த்தம். அதே ஞாயிறு காலை திருநெல்வேலியில் மாடி வீட்டுப் பெண்மணியின் நாத்தனார் மகனுக்கும் கல்யாணம்.

எழுத உட்காரும் முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முகூர்த்தத்துக்கும் வர முடியாதா, வரவேற்புக்கும் வர முடியாதா? சென்னையில் பெரும்பாலும் முதல் நாள் மாலையே வரவேற்பு வைத்துவிடுகிறார்கள். முகூர்த்தத்துக்கு வர முடியாதவர் வரவேற்புக்கு வந்து மேடையேறி வாழ்த்திவிட்டுப் போனால் யாரும் குறை சொல்வதில்லை. அந்த வழி இருந்தால் இந்தக் குறிப்பே தேவைப்படாது. நம் உதாரணத்தில் அதற்கும் வழியில்லை. திருநெல்வேலிக்கு ரயிலில் ஓர் இரவுப் பயணம். ஞாயிறு விடியற்காலை அங்கே மண்டபத்தில் இருக்க வேண்டியவர்கள் சனிக்கிழமை மாலை சென்னையில் நிற்க முடியாது. ஆக, இரண்டுக்கும் வர முடியாது. இதைக் குறிப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாவிட்டால் "சரி, சாயங்காலமாவது வருவாள்" என்று அக்கா எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்.

அவசரத்தில் எழுதினால் குறிப்பு இப்படித்தான் வரும்

> மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,
>
> உங்கள் மகளின் திருமண அழைப்பிற்க்கு மிக்க நன்றி. தங்கள் மகள் திருமணத்திற்கு என்னால் கலந்து கொள்ள இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறேன். ஏனென்றால் அன்று எங்கள் நாத்தனார் மகனுக்கும் திருநெல்வேலியில் கல்யாணம் இருக்கின்ற காரணத்தினால், அதை விட முடியாத சூழ்நிலை. அதுவும் இல்லாமல் என் கணவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம், பையனுக்கு பரீட்சை வேறு. முயற்ச்சி செய்கிறேன், முடிந்தால் வருகிறேன். தவறாக நினைக்க வேண்டாம். மணமக்களுக்கு என் வாழ்த்துக்களை தெரிவிக்கவும்.

இதை எழுதியவர் மனதில் அன்பு இல்லாமல் இல்லை. மரியாதையாக எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் படிப்பவருக்கு ஓர் அலுவலகக் கடிதம் கைக்கு வந்தது போலத்தான் இருக்கும். மேலிருந்து பார்ப்போம்.

விளிப்பு

"மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு" என்பதில் அக்கா என்ற சொல் பக்கத்தில் இழுக்கிறது, மற்ற இரண்டு சொற்களும் தள்ளி நிறுத்துகின்றன. வாயால் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே எழுதுங்கள். பத்திரிகை வைக்க இருவரும் சேர்ந்து வந்திருக்கிறார்கள், அதனால் இருவரையும் சேர்த்து விளிக்க வேண்டும்: "அன்புள்ள அக்காவுக்கும் அண்ணாவுக்கும்". அக்காவை மட்டும் விளித்தால் அவர் கணவர் படிக்கும்போது தன்னை விட்டுவிட்டதாகத் தோன்றும். கல்யாண நேரத்தில் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் பெரிதாகத் தெரியும்.

அடுத்து, முதல் வரியில் "உங்கள்", இரண்டாம் வரியில் "தங்கள்". இரண்டும் மரியாதைச் சொற்கள்தான், ஆனால் ஒரே குறிப்பில் மாறி மாறி வரக் கூடாது. "தங்கள்" அச்சிட்ட பத்திரிகைக்குப் பொருந்தும். அக்காவிடம் நேரில் "நீங்கள்" என்று பேசுகிறவர் எழுதும்போதும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

நன்றி சொல்லும் வரி

"திருமண அழைப்பிற்கு மிக்க நன்றி" என்று யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், குறை அதுதான். இவர்கள் பெரம்பூரிலிருந்து மேடவாக்கம் வந்திருக்கிறார்கள், நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு. அதைச் சொல்ல வேண்டும். "உங்கள் மகள்" என்றும் எழுத வேண்டாம், பெயரைச் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்து பார்த்த பெண்ணை "உங்கள் மகள்" என்றால் அந்நியமாக ஒலிக்கும்.

"நீங்கள் இருவரும் இவ்வளவு தூரம் வீடு தேடி வந்து நித்யா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம்." நன்றி என்ற சொல்லே வராவிட்டாலும் நன்றி இதில் இருக்கிறது.

வர முடியவில்லை என்று சொல்லும் வரி

குறிப்பின் உயிர் இங்கேதான். மூலத்தில் இருக்கும் "வருத்தத்துடன் தெரிவித்துக் கொள்கிறேன்" என்ற தொடரைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். நாளிதழில் காலமானார் அறிவிப்புகளில் நாம் படித்துப் பழகிய தொடர் அது. மஞ்சளும் குங்குமமும் தடவிய பத்திரிகைக்குப் பதிலாக அதே வாய்பாடு வந்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படிப்பவர் மனம் ஒரு நொடி சுருங்கும். "துரதிர்ஷ்டவசமாக", "ஆழ்ந்த வருத்தம்", "கொடுத்துவைக்கவில்லை" எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேரும். கல்யாண வீட்டில் போகிறேன் என்று சொல்லாமல் போய்விட்டு வருகிறேன் என்று சொல்கிறவர்கள் நாம். எழுத்திலும் அந்தக் கவனம் வேண்டும்.

வருத்தமே தெரியக் கூடாது என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்த வாக்கியத்தில் இலக்கணமும் இடிக்கிறது. "திருமணத்திற்குக் கலந்துகொள்ள" என்று வராது. திருமணத்தில் கலந்துகொள்ளலாம், திருமணத்துக்கு வரலாம். இரண்டும் மனதில் ஒரே சமயத்தில் ஓடியதால் இப்படிக் கலந்துவிட்டது. "என்னால் இயலாது" என்பது இலக்கணப்படி சரி, ஆனால் முகத்தில் கதவைச் சாத்துவது போன்ற முடிவு அதில் இருக்கிறது. "எங்களால் வர முடியாமல் இருக்கிறது" என்றால் மனம் வரத்தான் நினைக்கிறது, நிலைமைதான் தடுக்கிறது என்று தொனிக்கும். அழைப்பு குடும்பத்துக்கு என்பதால் "என்னால்" என்பதை "எங்களால்" ஆக்க வேண்டும். இல்லையென்றால், கணவரும் பையனும் வருவார்களா என்று அடுத்த கேள்வி வரும்.

காரணம்

மூலத்தில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. மூன்று இருப்பதாலேயே ஒன்றும் நிற்கவில்லை. கணவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்றால் திருநெல்வேலிக்கு மட்டும் எப்படிப் போகிறார்? பையனுக்குப் பரீட்சை என்றால் அவனை யாரிடம் விட்டுப் போகிறீர்கள்? உண்மையாக இருந்த முதல் காரணமும் மற்ற இரண்டால் சாக்காக மாறிவிட்டது. காரணங்கள் கூடக்கூட நம்பிக்கை குறையும். ஒன்று போதும்.

அந்த ஒன்றையும் மூலத்தில் சரியாகச் சொல்லவில்லை. "அதை விட முடியாத சூழ்நிலை" என்றால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தை விடலாம் என்று பொருளாகிவிடுகிறது. இரண்டு கல்யாணங்களைத் தராசில் வைத்து, இவர்கள் தட்டு மேலே போய்விட்டது என்று அவர்களிடமே சொல்வது எவ்வளவு நோகும்! ஆனால் நிலைமையை நன்றாகப் பாருங்கள். நாத்தனார் மகன் என்றால், எழுதியவரின் கணவர் அந்த மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டிய விஷயமே இல்லை. "மாப்பிள்ளைக்கு இவர்தான் தாய்மாமன்" என்று ஒரு வரி எழுதினால் போதும். எது பெரிது எது சிறிது என்ற பேச்சே எழாது. "அப்படியா, அவர் போகாமல் எப்படி?" என்று அக்காவே சொல்லிவிடுவார்.

"ஏனென்றால்" என்று தொடங்கி "காரணத்தினால்" என்று முடித்திருப்பதையும் பாருங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒன்றை எடுத்துவிட வேண்டும், இரண்டையும் எடுத்தால் இன்னும் நல்லது. காரணத்தை முதலில் சொல்லி, வர முடியாததை அடுத்துச் சொன்னால் இணைப்புச் சொல்லே தேவைப்படாது. நம் பேச்சின் இயல்பான வரிசையும் அதுதான். முதல் வரியிலேயே மறுத்துவிட்டு அப்புறம் காரணம் சொன்னால், காரணத்தைப் படிக்கும்போது படிப்பவர் மனம் ஏற்கெனவே வாடியிருக்கும்.

"முடிந்தால் வருகிறேன்"

மென்மையாக இருக்கட்டும் என்று பலரும் சேர்க்கும் வரி இது. கல்யாண வீட்டுக்கு இதைப் போலச் சங்கடம் தருவது வேறில்லை. மண்டபத்துச் சமையலுக்கு எத்தனை இலை என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் வருமா வராதா என்று தெரியாவிட்டால் வரும் என்றே கணக்கில் வைப்பார்கள். இந்த மாதிரிப் பத்துக் குறிப்பு வந்தால் முப்பது நாற்பது இலை வீணாகும். வர மாட்டோம் என்று தெரிந்தால் தெளிவாகச் சொல்லிவிடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் உதவி.

"தவறாக நினைக்க வேண்டாம்" என்பதையும் நீக்குங்கள். அதுவரை அக்கா தவறாக நினைத்திருக்க மாட்டார். அந்த வரியைப் படித்த பிறகு நினைப்பார்.

வருத்தத்தை எங்கே வைப்பது

முன்னால் சொன்னேனே, வருத்தம் தெரிய வேண்டும், ஆனால் அந்தச் சொல் வரக் கூடாது என்று. அதற்கு ஒரே வழி, அந்தப் பெண்ணைப் பற்றி உண்மையான ஒரு நினைவை எழுதுவது. "எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்த நித்யா மணக்கோலத்தில் எப்படி இருப்பாள் என்று இப்போதே கண்முன் நிற்கிறது." இதில் எதிர்மறையாக எதுவும் இல்லை. ஆனால் பார்க்க முடியவில்லையே என்ற ஏக்கம் முழுக்க இருக்கிறது. நினைவு நிஜமாக இருக்க வேண்டும், இன்னொருவர் எழுத முடியாததாக இருக்க வேண்டும். "சின்ன வயதிலிருந்தே நல்ல பெண்" என்று எழுதினால் அது நினைவாகாது, நற்சான்றிதழாகிவிடும். அப்படி ஒரு நினைவு உங்களிடம் இல்லையென்றால் இந்த வரியை விட்டுவிடுங்கள். இட்டுக்கட்டி எழுதினால் உடனே தெரிந்துவிடும்.

வாழ்த்து

"மணமக்களுக்கு என் வாழ்த்துக்களை தெரிவிக்கவும்" என்பது கல்யாண வேலையில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு இன்னொரு வேலை கொடுப்பது. நீங்களே நேராக வாழ்த்துங்கள்.

வாழ்த்துவதில் வயது முக்கியம். இங்கே எழுதுகிறவர் பெண்ணுக்கு அத்தை, சித்தி முறையில் மூத்தவர், அதனால் ஆசி சொல்லலாம். "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ எங்கள் ஆசிகள்" என்பது அவர் வாயில் பொருந்தும். மணமகனைவிடச் சின்னவர் ஒருவர் அலுவலக நண்பருக்கு இதையே எழுதினால் பொருந்தாது. அவருக்கு "மனமார்ந்த வாழ்த்துகள்" போதும். வாழ்த்துகள் என்பதே சரி என்று இலக்கணம் அறிந்தவர்கள் சொல்வார்கள், வாழ்த்துக்கள் என்றும் பரவலாக எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் அடுத்து "தெரிவிக்கவும்" போன்ற சொல் வந்தால் "வாழ்த்துகளைத் தெரிவிக்கவும்" என்று ஒற்று மிக வேண்டும். அதேபோல "பையனுக்குப் பரீட்சை". இன்னும் இரண்டு எழுத்துப் பிழைகள் உண்டு: "அழைப்பிற்க்கு", "முயற்ச்சி". ற் என்ற எழுத்துக்குப் பின் இன்னொரு மெய் வராது. அழைப்பிற்கு, முயற்சி என்றுதான் எழுத வேண்டும்.

திருத்திய பிறகு

> அன்புள்ள அக்காவுக்கும் அண்ணாவுக்கும்,
>
> நீங்கள் இருவரும் இவ்வளவு தூரம் வீடு தேடி வந்து நித்யா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்ததில் எங்களுக்கு ரொம்பச் சந்தோஷம். அதே முகூர்த்தத்தில் திருநெல்வேலியில் என் நாத்தனார் மகனுக்கும் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இவர்தான் தாய்மாமன். வெள்ளிக்கிழமை இரவே கிளம்ப வேண்டியிருப்பதால் வரவேற்பு, முகூர்த்தம் இரண்டுக்குமே எங்களால் வர முடியாமல் இருக்கிறது. எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்த நித்யா மணக்கோலத்தில் எப்படி இருப்பாள் என்று இப்போதே கண்முன் நிற்கிறது. மறுவீடு எல்லாம் முடிந்து மணமக்கள் வீட்டில் இருக்கும் நாளாகக் கேட்டுக்கொண்டு நேரில் வந்து பார்க்கிறோம். நித்யாவும் மாப்பிள்ளையும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ எங்கள் எல்லோருடைய ஆசிகளும்.
>
> அன்புடன்,
> மாடி வீட்டிலிருந்து

கடைசியில் பெயர் போட்டுக்கொள்ளலாம். அவர்கள் உங்களை மாடி வீடு என்றே சொல்லிப் பழகியிருந்தால் அதுவே இனிமை. நேரில் வருவதாக எழுதினால் வந்தே ஆக வேண்டும். வர மாட்டீர்கள் என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

காரணத்தைச் சொல்ல முடியாதபோது

வீட்டில் ஒரு துக்கம் நடந்து தீட்டு இருக்கிறது, அல்லது யாருக்கோ அறுவைச் சிகிச்சை. இதைக் கல்யாண வீட்டுக்கு எழுதி அனுப்பக் கூடாது. அதை மறைக்கிறேன் என்று "வீட்டில் ஒரு காரியம் இருக்கிறது" என்று எழுதிவிட வேண்டாம். காரியம் என்றாலே பலருக்கும் பத்தாம் நாள், பதினாறாம் நாள்தான் நினைவுக்கு வரும். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பதும் நிகழ்ச்சி ரத்து என்ற அறிவிப்புப் பலகையின் மொழி.

அதற்காகப் பொய்யும் வேண்டாம். வெளியூர் போகிறேன் என்று எழுதிவிட்டு, அதே ஞாயிறு தி.நகரில் அவர்கள் உறவினர் கண்ணில் பட்டால் அதைச் சரிசெய்யவே முடியாது. "அந்த நாளில் நாங்கள் வீட்டோடு இருக்க வேண்டியிருக்கிறது. பிறகு நேரில் சொல்கிறேன் அக்கா" என்று எழுதினால் போதும். பிறகு சொல்கிறேன் என்பதிலேயே விவரம் தெரிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். கல்யாணம் முடிந்த பிறகு சொல்லுங்கள்.

மேலதிகாரிக்கு

இங்கே நினைவு, ஏக்கம் எதுவும் வேண்டாம். நான்கு வரி போதும்.

> வணக்கம் சார். உங்கள் மகன் திருமணத்துக்கு அழைத்ததற்கு மிக்க நன்றி. அன்று எங்கள் குடும்பத்திலும் ஒரு திருமணம் இருப்பதால் என்னால் வர முடியாமல் இருக்கிறது. மணமக்களுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகள். நீங்கள் அலுவலகம் வந்ததும் நேரில் பார்க்கிறேன்.

அலுவலகக் குழுவில் எல்லோருக்கும் பொதுவாகப் பத்திரிகை போட்டிருந்தாலும் இந்தப் பதிலை அவருக்குத் தனியாகத்தான் அனுப்ப வேண்டும். குழுவில் ஒருவர் வரவில்லை என்று எழுதினால், அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வரிசையாக எழுதுவார்கள். அது அழைத்தவருக்கு நன்றாக இருக்காது.

எப்போது அனுப்புவது, மொய்யை என்ன செய்வது

வர முடியாது என்று உறுதியான அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள். சங்கடத்தில் தள்ளிப்போட்டு, கல்யாணத்துக்கு முதல் நாள் அனுப்பினால் இலைக்கணக்கும் முடிந்திருக்கும், படிக்க அவர்களுக்கு நேரமும் இருக்காது. நேரில் அழைத்தவர்கள் என்றால் காலையில் போனில் பேசிவிட்டு, அன்று மாலையே குறிப்பை அனுப்பலாம். போனில் சொன்ன காரணமும் குறிப்பில் இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.

மொய்ப் பணத்தை இந்தக் குறிப்போடு சேர்த்து அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வர முடியவில்லை என்ற வரிக்குக் கீழேயே ஜிபேயில் 1001 ரூபாய் போய் விழுந்தால், வருவதற்குப் பதில் பணம் என்று கணக்குத் தீர்த்தது போல ஆகிவிடும். கல்யாணத்துக்கு வரும் பொதுவான உறவினரோ பழைய அண்டைவீட்டாரோ இருந்தால் கவரில் பெயர் எழுதிக் கொடுத்தனுப்பலாம், மொய் நோட்டில் உங்கள் பெயரும் ஏறிவிடும். இல்லையென்றால் நேரில் பார்க்கப் போகும்போது மணமக்கள் கையில் கொடுக்கலாம். அவர்கள் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு மொய் வைத்திருந்தால் எவ்வளவு என்று பார்த்து, அதற்குக் குறையாமல் வையுங்கள்.

முகூர்த்தத்தன்று காலையில் இன்னொரு வரி அனுப்ப மறக்காதீர்கள். அதில் வாழ்த்து மட்டும்தான் இருக்க வேண்டும். வர முடியாமல் போனதைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் வேண்டாம், அதை ஏற்கெனவே சொல்லியாயிற்று.